தோற்றது எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற என் அப்பா பல வருடங்களாக ஃபோர்-டி என்ற நான்கு இலக்க லாட்டரிச் சீட்டு வாங்குகிறார். புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டு எண்கள், எண்ணுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, எப்போதும் எல்லாப் பரிசுக்கும் சேரும் 'பிக்' வகை. கேட்டால், "போட்டதும் எடுத்ததும் சரியாப் போச்சும்மா" என்கிறார். போன மார்ச்சில், முதல் மூன்றுக்கு அடுத்த நிலையான ஸ்டார்ட்டர் பரிசாக 1,250 வெள்ளி அடித்ததை எண், கிழமை, கடை எல்லாவற்றோடும் சொல்வார். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. தோற்றது மட்டும் எப்படி மறந்துபோகிறது? நோட்டில் எழுதச் சொன்னால் ஏதாவது மாறுமா, வீட்டில் சண்டைதான் மிஞ்சுமா?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் அப்பாவிடம் போன வாரம் என்ன எண் வாங்கினார், என்ன எண் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சொல்லிவிடுவார். தோற்ற ஆட்டம் அவர் மனத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அது 'தோல்வி' என்ற பெயரில் இல்லை.

கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் பணம் கட்டுகிறவர்களிடம், அந்தப் பந்தயங்களைப் பற்றி நினைப்பதை ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்யச் சொன்னார். வென்ற பந்தயங்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. சரியாகக் கணித்தோம், வென்றோம், அவ்வளவுதான். தோற்றவற்றைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள்: கடைசி நிமிடத்தில் அந்தப் பந்து மட்டும் நழுவாமல் இருந்திருந்தால், அந்த ஆட்டக்காரருக்கு அடி படாமல் இருந்திருந்தால் என்று. பின்னால் கேட்டபோது தோல்விகளே அவர்களுக்கு நன்றாக நினைவில் இருந்தன. ஆனால் பேசிப் பேசி ஒவ்வொரு தோல்வியையும் 'வென்றிருக்க வேண்டியது' என்று ஆக்கிவிட்டிருந்தார்கள். வெற்றி முழு மதிப்பில் வரவாகிறது, தோல்வி தள்ளுபடி போக மீதிக்குத்தான் செலவாகிறது. மறதி என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இந்தத் தள்ளுபடிதான்.

ஃபோர்-டியில் தள்ளுபடிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதே இல்லை, ஆட்டத்தின் அமைப்பே அதைத் தந்துவிடுகிறது. நான்கு இலக்கமும் வெவ்வேறாக உள்ள ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 4372 என்று வைப்போம். ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்கள் 36. அதே இலக்கங்கள் இடம் மாறி நிற்கும் எண்கள் 23. ஆக 59 எண்களில் எது விழுந்தாலும் "அடடா, கிட்ட வந்துட்டுதே" என்று தோன்றும். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 பரிசு எண்கள் வருகின்றன. இரண்டு எண் வைத்திருப்பவருக்கு ஏறக்குறைய நான்கு குலுக்கலில் ஒன்றில் இப்படி ஒரு 'கிட்ட' அமையும், வருடத்தில் 35 தடவைக்கும் மேல். அதே மனிதருக்கு உண்மையாகப் பரிசு விழும் வாய்ப்பு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கூட எட்டாது. கிட்ட உள்ள எண் விழுந்ததால் நம் எண் அடுத்த முறை விழும் வாய்ப்பு துளியும் கூடுவதில்லை. ஆனால் மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டை வைத்து கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் செய்த ஆய்வில், மயிரிழையில் தவறிய சுற்றுகளில், வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சிலவும் இயங்கின. ஏமாற்றமாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்கே மறுபடி ஆடும் ஆசையும் கூடியிருந்தது.

இதோடு பொருள் வடிவச் சான்றும் ஒருதலையாகிவிடுகிறது. தோற்ற சீட்டு கடை வாசலிலேயே கசக்கி எறியப்படுகிறது. வென்ற சீட்டுக்கோ கவுண்ட்டருக்குப் போக வேண்டும், பணத்தை எண்ணி வாங்க வேண்டும், அதில் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கியிருப்பார், நண்பர்களிடம் சொல்லியிருப்பார். ஒரு வெற்றிக்கு நான்கைந்து நினைவுத் தடங்கள். 10 வெள்ளித் தோல்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, "ஏதோ கொஞ்சம் போயிருக்கும்" என்று ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது அப்பாவின் வருடத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் மூன்று குலுக்கல் என்றால் வருடம் 156. செலவு 1,560 வெள்ளி. மார்ச் நடுவில், 30-ஆவது குலுக்கலில் 1,250 அடித்தது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை போட்டது 300. ஆக அன்றைக்கு அவர் உண்மையாகவே 950 வெள்ளி லாபத்தில் இருந்தார். அங்கிருந்து வாரம் 30 வெள்ளியாகக் கரைகிறது. வேறு பரிசு விழாவிட்டால் 95 குலுக்கல் கழித்து, அக்டோபர் மூன்றாம் வார வாக்கில், இருப்பு பூஜ்யம். டிசம்பர் முடிவில் 310 வெள்ளி நஷ்டம். மார்ச்சில் அந்த நாளை நினைவில் பதிக்க எத்தனையோ இருந்தன. லாபம் முடிந்துபோன அந்த அக்டோபர் நாளை அடையாளம் காட்ட ஒன்றுமே இல்லை. அன்றும் வழக்கம்போல ஒரு சீட்டு, வழக்கம்போல ஒன்றும் விழவில்லை. எழுதிய கணக்கு மட்டும்தான் அந்த நாளைக் காட்டும். நோட்டின் பயன் என்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

310 தானே என்று அவர் கேட்கலாம். அது பரிசு விழுந்த நல்ல வருடம். பிக்கில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து ஸ்டார்ட்டருக்கு 250 வீதம், கன்சலேஷன் என்னும் பத்து ஆறுதல் பரிசுக்கு 60 வீதம். பத்தாயிரம் எண்களிலும் ஒரு வெள்ளி போட்டால் திரும்புவது 6,590. வெள்ளிக்கு 66 காசு. இதிலும் பாதிக்கு மேல் முதல் மூன்று பரிசுகளிலேயே இருக்கிறது. அப்பா ஆடும் அளவில் அவற்றில் ஒன்று சராசரியாகப் பத்துப் பதினோரு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். மற்ற வருடங்களில் அவர் எதிர்பார்க்கக்கூடியது வெள்ளிக்கு 31 காசு, அதாவது போட்ட 1,560-க்கு ஏறத்தாழ 480.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்? நான்கு பத்தி போதும்: குலுக்கல் தேதி, போட்டது, வந்தது, இருப்பு. எண்ணையும் காரணத்தையும் எழுத இடம் விடாதீர்கள். "ஒரு எண்ணில் போச்சு" என்று எழுத இடம் கிடைத்தால் தள்ளுபடி மறுபடி உள்ளே வந்துவிடும்.

'போட்டது' என்பதைச் சீட்டு வாங்கிய கையோடு, குலுக்கலுக்கு முன்பே எழுத வேண்டும். மாலை ஆறரைக்கு முடிவு வந்தபின் எழுதலாம் என்று விட்டால், தோற்ற நாளில் பேனா கிடைக்காது. ஒன்றும் விழாத நாளிலும் 'வந்தது' பத்தியில் பூஜ்யம் போட வேண்டும், கோடு இழுத்துவிடக் கூடாது. பரிசுப் பணத்தில் மறுபடி சீட்டு வாங்கினால் அதுவும் 'போட்டது'தான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "ஜெயிச்ச காசுலதானே ஆடினேன்" என்று அதைச் செலவில் சேர்ப்பதில்லை. அது கைக்கு வந்த நிமிடமே அவருடைய சொந்தப் பணம். நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து வாங்கியதில் அவர் பங்கு, டோட்டோ லாட்டரி, செவ்வாய்க்கிழமையில் வரும் சிறப்புக் குலுக்கல் எல்லாமே அதே நோட்டில் வர வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. முதல் மூன்று மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்க்கும் முன், "மொத்தம் எவ்வளவு போட்டிருப்பேன், எவ்வளவு வந்திருக்கும்" என்று அப்பாவே தம் ஊகத்தை ஒரு தாளில் எழுதட்டும். பிறகு நோட்டைக் கூட்டி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த வித்தியாசம்தான் அவர் நினைவு செய்த தள்ளுபடியின் அளவு. நீங்கள் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. ஊகமும் அவருடையது, கையெழுத்தும் அவருடையது.

நோட்டும் பொய் சொல்லும். அதிகம் நடப்பது விடுபட்ட வரிகள். அவை அநேகமாகத் தோற்ற வாரங்களாகவே இருக்கும். கண்டுபிடிக்க வழி எளிது: நாள்காட்டியில் புதன், சனி, ஞாயிறுகளை எண்ணி நோட்டின் வரிகளோடு ஒப்பிடுங்கள். வாங்காத நாளுக்கும் 'வாங்கவில்லை' என்று ஒரு வரி வேண்டும். இன்னொன்று, பரிசு விழுந்த மாதத்தில் புது நோட்டுத் தொடங்குவது, அல்லது இருப்பு லாபத்தில் நிற்கும்போது "போதும், கணக்கு தெரிஞ்சுபோச்சு" என்று மூடிவிடுவது. அதனால் தொடங்கும் தேதியையும் முடிக்கும் தேதியையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவில் சூதாட்ட நஷ்டத்தை வரியில் கழிக்க நினைப்பவர் இப்படியான நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. தேதி, ஆட்டத்தின் வகை, இடம், தொகை என்பவற்றோடு உடன் இருந்தவர் பெயரையும் கேட்கிறார்கள். ஆடியவரின் நினைவை மட்டும் அவர்கள் நம்புவதில்லை.

ஒரு வருடம் சரியாக எழுதி, முடிவில் லாபம் காட்டினால்? நடக்கக்கூடியதுதான். அப்பா ஆடும் முறையில் ஏழெட்டுப் பேரில் ஒருவர் வருட முடிவில் லாபத்தில் நிற்பார் என்பது என் கணக்கு. காப்பிக்கடையில் குரல் கேட்பதும் அவருடையதுதான். மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். அதனால் ஒரு வருடத்தோடு தீர்ப்பு எழுதாமல், அதே நோட்டில் இருப்பை அடுத்த வருடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சண்டை வருமா என்று கேட்டிருந்தீர்கள். நோட்டை நீங்கள் வாங்கி வைத்துத் தினமும் சோதித்தால் வரும். நாள்காட்டியோடு ஒப்பிடுவதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்தே செய்யுங்கள். "சரியாப் போச்சுன்னு சொல்றீங்களே அப்பா, எவ்வளவு சரின்னு பார்த்துடலாமா" என்று அவர் கணக்கையே அவர் நிரூபிக்கக் கேளுங்கள். பார்த்தபின் அவர் தொடர்ந்து வாங்கினால் அது தெரிந்தே செய்யும் செலவு. வாரம் 30 வெள்ளி அவர் கைக்குத் தாங்கும் என்றால் அதில் நீங்கள் தலையிட ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலருக்கு இருப்புப் பத்தியின் கழித்தல் குறி, மீட்டெடுக்க வேண்டிய இலக்காகிவிடும். 'போட்டது' பத்தியில் 10 என்பது 20 ஆகி 50 ஆனால், அதுவும் தோற்ற வாரங்களுக்கு அடுத்து ஏறினால், அது நினைவின் கோளாறு அல்ல, நோட்டால் தீராது. அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6668-668-க்குப் பேசுங்கள். குடும்பத்தார் பேசினாலும் ஆலோசனை சொல்வார்கள்.