பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் 1,700 கலோரி ஏன் போதவில்லை?

"வயது 32, எடை 58 கிலோ, சைவம். டிசம்பர் ஹாஃப் மாரத்தானுக்காக செவ்வாய், வியாழன், சனி ஆறு கிலோமீட்டர், ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 16 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆப்பில் தினமும் 1,700 கலோரி. பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் பசி தாங்கவில்லை, எடையும் ஒரு கிலோ ஏறுகிறது. பீரியட்ஸ் நாட்களில் கால் நகர மறுக்கிறது. அந்த ஐந்து நாள் மட்டும் கீரையும் பேரீச்சையும் கூட்டினால் போதுமா? – செங்காங் வாசகி"

சுழற்சியைப் பார்த்து இலக்கை மாற்றுவதற்கு முன், ஓட்டத்தைப் பார்த்து மாற்றுங்கள். முந்தைய வாரத்தில் உடல் கொஞ்சம் கூடுதலாக எரிக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலோருக்கு அது நாளுக்கு நூறு, நூற்றைம்பது கலோரி அளவில்தான் இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. ஓட்டம் அப்படியல்ல. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மட்டும் 900 கலோரிக்கு மேல். 1,700-இல் அது போனால் மீதி 800 கூட இல்லை. மூச்சுவிட, இதயம் துடிக்க, சும்மா படுத்திருக்கவே உங்கள் உடலுக்குச் சுமார் 1,250 வேண்டும். திங்கட்கிழமை வரும் பசிக்கு ஹார்மோனைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் இப்படி வைப்பேன்: ஓடாத நாள் 1,750, ஆறு கிலோமீட்டர் நாள் 2,100, ஞாயிறு 2,500. பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் மாலை நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கூடுதல். அவ்வளவுதான், வேறு கணக்கு வேண்டாம். ஏறுகிற அந்த ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். எடையைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள். அந்த வாரம் உடல் வெப்பமும் சற்றுக் கூடுதலாக இருப்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகம் கடினமாகத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் தப்பில்லை.

இரும்புச்சத்து வேறு கதை. சாதாரண மாதவிலக்கில் 30, 40 மில்லி ரத்தம் போகிறது. அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு. சைவ உணவிலிருந்து உடல் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலே நல்ல கணக்கு. ஆக, இழந்ததை ஐந்து நாளில் திருப்ப முடியாது, மாதம் முழுக்கச் சிறுகச் சிறுக நிரப்ப வேண்டும். மூன்று பேரீச்சையில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கீரையில் இரும்பு உண்டு, ஆனால் உடலுக்குச் சேர்வது கொஞ்சம். கொண்டைக்கடலை, பருப்பு, தவ்குவா இவைதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எதோடு, எப்போது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தோசை சாம்பாரோடு ஒரு தே தாரிக் குடித்தால் சாம்பார்ப் பருப்பின் இரும்பில் பெரும்பகுதி வீண். நானும் பல வருடம் அப்படிக் குடித்தவள்தான். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள். அப்புறம், கடினமான ஓட்டத்துக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். ஏழு மணிக்கு ஓட்டம் முடிந்தால், ஏழரைக்குள் அந்தச் சுண்டலும் கொய்யாவும் உள்ளே போகட்டும். பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் அதே சுண்டலில் கிடைக்கும் பலன் குறையும்.

கால் நகராததற்குக் காரணம் தெரிய, பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் ஓடுபவருக்குப் போதாது. 15-க்குக் கீழே என்றால் சேமிப்பே இல்லை. காய்ச்சல் இருக்கும்போதோ நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளோ ரத்தம் கொடுக்காதீர்கள், எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

பரிசோதிக்காமல் மாத்திரையைத் தொட வேண்டாம். இங்கே தலசீமியா மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களின் ரத்த அறிக்கையிலும் சிவப்பணு சிறிதாகத்தான் தெரியும், இரும்புக் குறைவு இல்லாமலேயே. மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால், ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள்; தினமும் எடுப்பதைவிட ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படும், வயிற்றுக்கும் இதம்.

மணிக்கொரு பேட் மாற்ற வேண்டியிருந்தாலோ, ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரிய கட்டிகள் வந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் பீரியட்ஸே வராமல் போனாலும் அப்படித்தான். ஓடுபவர்களிடம் அதற்குப் பெரும்பாலும் அந்த 1,700 மாதிரியான ஓர் எண்தான் காரணமாக இருக்கும்.