பத்துப் பெயர் கேட்டால் பத்தும் ஒன்று போலவே வருகிறதா?

கேள்வி: சைக்கிள் ரிப்பேர் கடைக்கு சாட்பாட்டிடம் பெயர் கேட்டேன். 'சக்கர உலகம்', 'சக்கர மையம்', 'சக்கரத் தோழன்' என்று பத்திலும் சக்கரம்தான். 'வேறு மாதிரி கொடு' என்றால் 'சுழலும் சக்கரம்' வருகிறது. ஏன்?

பதில்: முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்து, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துத்தான் சாட்பாட் எழுதுகிறது. சைக்கிள் கடை என்றதும் சக்கரம் முந்திக்கொள்ளும். அதோடு, முதல் மூன்று பெயர்களை எழுதி முடித்ததும் அவையும் 'முன்னால் உள்ள எழுத்து' ஆகிவிடுகின்றன. நான்காவது பெயர் அந்த மூன்றையும் பார்த்துத்தான் பிறக்கிறது. 'வேறு மாதிரி' என்று மட்டும் சொன்னால் எதில் வேறு என்று அதற்குத் தெரியாது. சக்கரத்தை வைத்துக்கொண்டு பக்கத்துச் சொல்லை மாற்றும்.

அதனால் முதலில் பெயரே கேட்காதீர்கள், கோணங்களைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "சைக்கிள் ரிப்பேர் கடைக்கு இன்னும் பெயர் சொல்ல வேண்டாம். பெயர் எங்கிருந்தெல்லாம் பிறக்கலாம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 8 கோணங்கள் சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்." வருவதில் ஒன்றிரண்டு கோணங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றும். அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் நான்கை எடுத்துக்கொள்வோம்: சைக்கிளின் ஒலி, வண்டி நின்றுபோன நேரத்தில் ஓட்டுபவரின் மனநிலை, கடையின் வாக்குறுதி, யாரும் கவனிக்காத ஒரு பாகம்.

இனி ஒவ்வொரு கோணத்துக்கும் புது சாட் திறந்து ஐந்து பெயர் மட்டும் கேளுங்கள். ஒலி என்றால் 'கிணிங் கிணிங்', மனநிலை என்றால் 'பாதி வழி', வாக்குறுதி என்றால் 'மாலைக்குள்', பாகம் என்றால் 'ஆரக்கால்' என்கிற மாதிரி வரும். நான்கும் ஒரே கடைக்குத்தான், ஆனால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லை. ஒரே சாட்டில் தொடர்ந்தால் முதல் கோணத்தின் வாடை கடைசிவரை அடிக்கும். பழைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதி உங்கள் சாட்பாட்டில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது சாட்டிலும் சக்கரம் எட்டிப் பார்க்கக்கூடும்.

கேள்வி: 'சக்கரம் என்ற சொல் வேண்டாம்' என்று தடை போட்டால் போதாதா?

பதில்: பாதிப் பலன்தான். சக்கரம் போய் டயர் வரும், டயரையும் தடுத்தால் ரிம் வரும். சொல்தான் மாறுகிறது, யோசனை மாறவில்லை. 'உருளும், சுழலும் பொருள் எதையும் நினைவூட்டாத பெயர்' என்று யோசனையையே தடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள். இருபது சொற்களுக்குத் தடைப்பட்டியல் கொடுப்பது வீண்வேலை. அந்த இருபதும் கண்முன்னே இருப்பதால் அவற்றின் அக்கம்பக்கத்திலேயே அது சுற்றும்.

கேள்வி: பெயர் முடிவாகிவிட்டது. விளம்பர வாசகம் கேட்டால் 'உங்கள் பயணம், எங்கள் பொறுப்பு' என்ற அச்சிலேயே எல்லாம் வருகிறது.

பதில்: வாசகத்தில் திரும்பத் திரும்ப வருவது வாக்கிய அமைப்பு. 'உங்கள் – எங்கள்' என்ற இரட்டை சாட்பாட்டுக்கு மிகவும் பழகிய அச்சு. ஆகவே கோணத்துக்குப் பதில் வடிவத்தைப் பிரித்துக் கேளுங்கள்: ஒரு கேள்வி, ஒரு கட்டளை, வாடிக்கையாளர் தன் வாயால் சொல்வது, எண் வரும் ஒரு உறுதிமொழி. வடிவத்துக்கு இரண்டு வாசகம் போதும், எந்த வாசகமும் நான்கு சொற்களுக்கு மேல் போகக் கூடாது. 'காத்து இறங்கிடுச்சா?' என்பதும் 'கொடுத்துட்டுப் போங்க' என்பதும் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் மேடைத் தமிழ்தான் வரும்.

பிடித்த வாசகம் ஒன்றை மாதிரியாகக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரே ஒரு மாதிரி கொடுத்தால் பத்தும் அதன் நகலாக வரும். கொடுப்பதென்றால் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்றைக் கொடுங்கள், இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

கேள்வி: டெம்பரேச்சர் என்ற அமைப்பைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: வாய்ப்பு குறைந்த சொற்களும் தேர்வாக அது இடம் தரும், அவ்வளவுதான். ஓரளவு கூட்டினால் சொற்கள் மாறும், ஆனால் கோணம் பெரும்பாலும் பழையதே. மிகவும் கூட்டினால் பொருளில்லாத எழுத்துக்கோவை வரும். சாதாரண சாட் செயலிகள் பலவற்றில் இந்த அமைப்பு கண்ணில் படவும் படாது. கோணம் பிரித்துக் கேட்பவருக்கு இது தேவைப்படுவதும் அரிது.

கேள்வி: 'இந்தப் பெயர் யாரிடமும் இல்லை' என்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். தேடிப் பார்க்காமலேயே அப்படிச் சொல்லிவிடக்கூடும். மூன்று நான்கு பெயராகச் சுருக்கிய பிறகு, வணிகமுத்திரைப் பதிவேட்டிலும் இணைய முகவரிப் பதிவிலும் நீங்களே தேடுங்கள். எழுத்துக்கூட்டலை மாற்றியும் ஒருமுறை தேடுங்கள். உச்சரிப்பு ஒத்துப்போனாலே ஆட்சேபம் வரலாம்.