மாடி பாத்ரூமில் மட்டும் தண்ணீர் மெதுவாக வருவது ஏன்?

"மொட்டை மாடியில்தான் டேங்க். கீழே எல்லாக் குழாயிலும் நன்றாக வருகிறது, மாடி பாத்ரூம் ஷவரில் மட்டும் நூலாக ஒழுகுகிறது. ஏன்?"

அழுத்தத்தைத் தருவது டேங்கின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான்; அதை பார் என்ற அலகில் சொல்வார்கள், 10 மீட்டருக்குச் சுமார் 1 பார். நீர்மட்டம் ஷவரைவிட 2 மீட்டர் மேலே என்றால் 0.2 பார்தான் கிடைக்கும். தரைத்தளத்துக்கு இன்னும் 3 மீட்டர் கூடுதல், அதனால் 0.5 பார்.

சரி, அடைப்பா உயரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறங்கள். நன்றாகக் கொட்டினால் தலையில் உப்பு படிந்திருக்கிறது, அல்லது அது அதிக அழுத்தம் கேட்கும் வகை. அப்போதும் ஒழுகினால், அதே பாத்ரூமின் தாழ்வான குழாயைப் பாருங்கள். அதுவும் மந்தமென்றால் வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கலாம். அது மட்டும் வேகமாக வந்தால் ஷவருக்குப் போகும் குழாயையும் அதன் வால்வையும் பாருங்கள். அவை சுத்தமென்றால் உயரம்தான் போதவில்லை. டேங்கை உயர்த்த வேண்டும், இல்லையேல் பிரஷர் பம்பு. பெரிய குழாய் போட்டாலும் உயரம் அதிகமாகாது.