படபடப்பு: பதட்டமா, தைராய்டா?

"மூணு மாசமா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். பதட்டம்னு சொல்றாங்க. தைராய்டா இருக்குமா, எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இருக்கலாம். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதட்டப் படபடப்பு பெரும்பாலும் அலையாக வந்து அடங்கும். ஓய்வில் நாடி இறங்கிவிடும். தைராய்டு அதிகம் சுரந்தால் படுத்திருக்கும்போதும் 90, 100 என்றே நிற்கும். அடுத்து, கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வையுங்கள். நுண்ணிய நடுக்கம் இருந்தால் தாளின் ஓரம் விடாமல் அதிரும். உள்ளங்கையையும் தொட்டுப் பாருங்கள்: பதட்டத்தில் சில்லென்று வியர்க்கும், தைராய்டில் கதகதப்பாக ஈரமாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இவை துப்புகள் மட்டுமே. உறுதி செய்வது ரத்தப் பரிசோதனை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிஎஸ்எச் மிகக் குறைந்து டி4 கூடியிருந்தால் தைராய்டு மிகைதான்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று: முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில ஆய்வுக்கூட முறைகளில், இல்லாத தைராய்டு மிகை இருப்பதுபோலவே அறிக்கை வரும்.

பசி நேரத்தில் மட்டும் நடுக்கமும் வியர்வையும் வந்தால் அந்த நொடியிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்த கால் மணி நேரத்தில் சரியானால், அது சர்க்கரை இறங்கியதால் வந்தது.