பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மருத்துவ ஓய்வு

அப்பா கோத்தகிரியில் அரசு ஜீப் டிரைவர், 2001-ல் சேர்ந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மெடிக்கல் போர்டு போய் ரிட்டயர் ஆனால் எவ்வளவு கிடைக்கும்?

அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு அனுப்பக்கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரவேண்டும், இடமில்லை என்றால் கூடுதல் பணியிடமாவது உருவாக்கவேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 20(4) சொல்கிறது. கை விழுந்தவரால் தபால் பதியும் சீட்டில் உட்கார முடியுமா என்று முதலில் பாருங்கள், முடிந்தால் அதைக் கேட்டு மனு கொடுங்கள்.

எந்த வேலையும் முடியாது என்றால்தான் இயலாமை ஓய்வூதியம். நேராக ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பதில் பயனில்லை, அலுவலகத் தலைவரிடம் விண்ணப்பித்து அவர் கடிதத்தோடுதான் போர்டு முன் போகவேண்டும். அப்புறம் சான்றிதழில் 'நிரந்தரமாக' பணிக்குத் தகுதியற்றவர் என்று இருக்கிறதா என்று வாசலிலேயே படித்துப் பாருங்கள். 'சில மாதம் ஓய்வு தேவை' என்றிருந்தால் அது விடுப்புக்குத்தான் ஆகும்.

2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் உண்டு. தகுதியான பணிக்காலம் 24 வருடம், கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்தால், பாதி 30,000, முழு ஓய்வூதியத்துக்கு 30 வருடப் பணி வேண்டும் என்பதால் அதில் 30-க்கு 24 பங்கு, அதாவது மாதம் 24,000, கூடவே அகவிலைப்படி. பணிக்கொடை தனி. 10 வருடம் முடியாதவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை, ஒரே தொகைதான்.