கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறதா? நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

செக்கில் கையெழுத்துப் போடும்போதும், காபி டம்ளரைத் தூக்கும்போதும் இரண்டு கைகளும் நடுங்குகின்றன. வயது 56. சில வருடங்களாக இருக்கிறது. அப்பாவுக்கும் இருந்தது. பார்க்கின்சனா? ஸ்கேன் எடுக்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

ஸ்கேன் இருக்கட்டும். டிவி பார்க்கும்போது கையை மடியில் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் இது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர் எனும் பரம்பரை நடுக்கம்தான். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாக நேர்மாறானது: கை சும்மா இருக்கும்போது வரும், ஒரு பக்கத்தில் தொடங்கும், எதையாவது எடுக்கப் போனால் கொஞ்சம் அடங்கும்.

அடுத்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய சுருள் ஒன்று வரையுங்கள். அதன் கீழே நாலு வரி எழுதுங்கள். பரம்பரை நடுக்கத்தில் சுருளின் கோடு நெளிநெளியாக வரும், எழுத்து பெரிதாகக் கோணும். பார்க்கின்சனில் வரி போகப்போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா, சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரமாகிறதா என்று வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேரில் நாங்கள் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான்.

எம்.ஆர்.ஐ. இரண்டு நோய்களிலும் பெரும்பாலும் நார்மலாகவே வரும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை முதலில் போதும். பரிசோதித்த பிறகும் குழப்பம் இருந்தால் மட்டும், மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகளின் நிலையைக் காட்டும் ட்ரோடாட் ஸ்கேன் உதவும். பரம்பரை நடுக்கத்தில் அது நார்மல், பார்க்கின்சனில் குறை தெரியும்.

பரம்பரை நடுக்கத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வருடங்கள் போகப்போக மெதுவாகக் கூடலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அம்மாவுக்கு வயது 68. தலைசுற்றலுக்காக ஒரு வருடமாக சின்னரிசின் சாப்பிடுகிறார். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்குகிறது, நடையும் மந்தம்.
- வாசகி, வேளச்சேரி

அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். சின்னரிசின், ஃப்ளூனரிசின், சில கேஸ் மாத்திரைகளில் சேர்ந்திருக்கும் லெவோசல்பிரைடு ஆகியவை முதியவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே அறிகுறிகளைக் கொண்டுவரும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய பிறகு சரியாகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அப்புறமும் போகவில்லை என்றால்தான் உள்ளே உண்மையான பார்க்கின்சன் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மகளுக்கு 22 வயதுதான். கை நடுங்குகிறது.
- வாசகர், தாம்பரம்

எடை குறைவு, படபடப்பு இருந்தால் தைராய்டை உடனே பாருங்கள். இந்த வயதில் வில்சன் நோயையும் விடக் கூடாது. உடலில் தாமிரம் தேங்குவதால் வரும் நோய் அது. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை ஆகியவை தேவைப்படும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

நண்பர் நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறார். நானும் சாப்பிடலாமா? எனக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறேன்.
- வாசகர், மயிலாப்பூர்

வேண்டாம். ப்ரொப்ரனலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அதோடு, சால்பியூட்டமால் இன்ஹேலரே கையை நடுங்க வைக்கும். இன்ஹேலர் எடுத்த அரை மணிக்குள் நடுக்கம் கூடுகிறதா என்று கவனித்து, அதை உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.