அட்டவணையை எடுத்துவிட்டு வெட்டுப்படம் வரையுங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தட்டு எல்லைகள் பாடம், ஸ்லைடு போட்டு எடுக்கணும். எந்த எல்லையில் எந்த நிலநடுக்கம், எந்த எரிமலைன்னு குழப்பாம எப்படிச் சொல்றது?

நீங்களும் ஒரு அட்டவணை தயாராக வைத்திருப்பீர்கள்: விலகும் எல்லை, குவியும் எல்லை, பக்கவாட்டில் உரசும் எல்லை, எதிரே எரிமலை உண்டு, இல்லை. நானும் பல வருடம் அதைத்தான் காட்டினேன், 2012 ஏப்ரல் 11 வரை.

அப்போது நாகப்பட்டினம் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவு நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்ததும் அம்மாக்கள் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அலை வரவில்லை. மறுநாள் ஒரு பெண் எழுந்தாள். 2004-ல் அவள் வீட்டிலும் இழப்பு உண்டு. "மிஸ், அன்னைக்கு வந்துச்சே, நேத்து ஏன் வரல?" என்று கேட்டாள். என் அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை.

அன்று இரவெல்லாம் படித்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு ஒரு அன்னக்கூடையில் தண்ணீரும் இரண்டு பலகைகளும் கொண்டுபோனேன். அடியில் கிடந்த பலகையின் நுனியைச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. இரண்டையும் பக்கவாட்டில் உரசி நகர்த்தினால் மேலே லேசான சலனம்தான். 2004-ல் நடந்தது முதல் வகை. இந்தியத் தட்டு அந்தமான், சுமத்ராவுக்கு அடியில் அமிழ்கிறது. அதுவும் மேலே உள்ள தட்டும் உரசும் பரப்பு நெடுங்காலம் பூட்டிக்கிடந்து, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது. மேலே இருந்த தட்டின் விளிம்பு எம்பி, கடலையும் தூக்கிவிட்டது. 2012-ல் உடைந்தது அமிழும் தட்டின் உள்ளே, அது இறங்கத் தொடங்கும் கடல் அகழிக்கு மேற்கே. பாளங்கள் பக்கவாட்டில் நகர்ந்தன, கடல்தரை பெரிதாக உயரவில்லை. 2004-ன் அளவு 9.1 ஆயிற்றே என்று யாராவது சொல்வார்கள். அந்த வித்தியாசமும் உண்டுதான், ஆனால் முக்கியக் காரணம் நகர்ந்த திசை.

எரிமலைக்கு வேறு காரணம். இதில்தான் பல ஸ்லைடுகள் தப்பு. ஒரு பயிற்சி முகாமில், கீழே போகும் தட்டு உராய்வில் உருகி எரிமலையாகிறது என்று திரையில் காட்டினார்கள். கை தூக்கினேன், "பாடத்தை மட்டும் பாருங்க மேடம்" என்றார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. கடல்தரைப் பாறை தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் போகும்போது, அழுத்தமும் வெப்பமும் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அது மேலே இருக்கும் சூடான கவசப் பாறைக்குள் ஏறி, அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. பெரும்பாலும் உருகுவது அந்தக் கவசப் பாறைதான். அதனால்தான் எரிமலை அகழியை ஒட்டி நிற்காமல் தள்ளி நிற்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக அகழி, அந்தமான் தீவுகள், அதற்கும் அப்பால் பேரன் தீவு எரிமலை. இந்த வரிசையை, பூமியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல, அப்படியே வரையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால், தட்டு ஐந்து சென்டிமீட்டர் இறங்கிய இடத்துக்கு நேர் மேலே எரிமலை வர வேண்டும்.

பக்கத்திலேயே அதே அளவில் இமயமலையை வரையுங்கள். இதுவும் அதே இந்தியத் தட்டு, இதுவும் குவியும் எல்லைதான். ஆனால் இங்கே போவது தடித்த, இலேசான கண்ட மேலோடு. அது ஆழமாக அமிழாமல் திபெத்துக்கு அடியில் படுத்தவாக்கில் நுழைகிறது. தண்ணீர் சுமந்த கடல்தரையும் இல்லை, அது ஏற வேண்டிய சூடான கவசமும் இடையில் இல்லை. ஆகவே 2015 நேபாளம் போல 7.8 அளவில், அதிக ஆழமில்லாத நிலநடுக்கம் வரும், எரிமலை வராது. லடாக்கில் எரிமலைப் பாறை உண்டே என்று கேட்பவர்களுக்கு: அது இடையில் இருந்த கடல் அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தது.

நிலநடுக்கங்களைப் புள்ளிகளாக வையுங்கள். அந்தமானில் அவை சரிவாக ஆழம் நோக்கி இறங்கும். உரசும் எல்லையிலும் விலகும் எல்லையிலும் புள்ளிகள் மேலேயே நிற்கும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் போன்ற உரசும் எல்லையில் எதுவும் கீழே இறங்குவதில்லை, அதனால் எரிமலைக்கு வழியில்லை. ஐஸ்லாந்து போன்ற விலகும் எல்லையில் கவசம் மேலெழும்போது அழுத்தம் குறைந்தே உருகிவிடும். அங்கே தட்டு மெல்லியது, சூடானது என்பதால் மிகப் பெரிய நிலநடுக்கத்துக்கு வேண்டிய இறுக்கம் சேராது.

நான் புவியியல் எம்.ஏ. தான், நிலநடுக்க ஆய்வாளர் இல்லை. அந்தமானில் தட்டு தீவு வரிசையை நேராக மோதாமல் பக்கவாட்டில் கோணலாக நுழைகிறது, மேலே இருப்பது பர்மா சிறுதட்டு என்றெல்லாம் திருத்த வருவார்கள். சரிதான், ஒன்பதாம் வகுப்புக்கு அது வேண்டாம்.

இதையெல்லாம் ஒரே பீரியடில் முடிக்க முடியாது. எனக்கு இரண்டு பீரியட் கிடைத்தால், தேர்வு நெருங்கிவிட்டது என்று ஒன்றைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வார்கள். பதினெட்டு வருடமாக இதே கதை. சுனாமி வந்து போன ஊரிலும் புவியியல் பீரியட்தான் முதலில் போகிறது. உங்களுக்கும் ஒன்றுதான் கிடைத்தால், அந்தமானையும் இமயமலையையும் மட்டும் எடுங்கள். ஹவாய் எரிமலையை விட்டுவிடுங்கள், அது பசிபிக் தட்டின் நடுவில் இருக்கிறது, எந்த எல்லையிலும் இல்லை.